கச்சா எண்ணெய் இரட்டிப்பானது, என் பணத்தில் 85,000 ரூபாய் போனது

எண்ணெய் ஃபண்டில் பணம் போட நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். 2020 மார்ச் 31 அன்று, வெளிநாட்டுப் பங்குகளை வாங்கித் தரும் ஒரு செயலியின் மூலம், அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. கச்சா எண்ணெயைப் பின்தொடரும் ஒரு ஃபண்டில் 5,00,000 ரூபாய் போட்டேன். அப்போது ஒரு பீப்பாய் 20 டாலர் அளவில் இருந்தது. ஜூன் 30 அன்று அது 39 டாலரைத் தாண்டியிருந்தது, என் கணக்கிலோ 4,15,000 ரூபாய்தான் இருந்தது.

"சார், 20 டாலருக்குக் கீழே எங்க போகப்போகுது? எண்ணெய் டபுள் ஆனா உங்க பணமும் டபுள்" என்று செயலியின் ஆலோசகர் தொலைபேசியில் சொன்னார். என் மகளின் படிப்புக்காகச் சேர்த்த பணம் என்று சொன்ன பிறகும், "வாங்கிட்டு மறந்துடுங்க சார்" என்றார். நம்பினேன்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்த ஃபண்ட் எண்ணெயை வாங்கி வைப்பதில்லை. வரப்போகும் ஒரு மாதத்தில் எண்ணெய் வாங்க இப்போதே விலை பேசிக்கொள்ளும் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களைத்தான் வைத்திருக்கிறது, ஒவ்வொன்றும் காலாவதியாகும் முன் அதை விற்றுவிட்டு அடுத்த மாதத்துக்கானதை வாங்குகிறது. அடுத்த மாத விலை கூடுதலாக இருந்தால் அது காண்டாங்கோ. ஊரடங்கால் எண்ணெய் விற்காமல் தேங்கி, இந்த ஒப்பந்தங்களின் எண்ணெயை ஒப்படைக்கும் ஊரான, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துக் குஷிங்கில் கிடங்குகள் நிரம்பிக்கொண்டிருந்ததால், ஏப்ரலில் அந்த இடைவெளி மிகப் பெரிதாகியது. ஏப்ரல் 17 அன்று மே ஒப்பந்தம் 18.27 டாலர், ஜூன் ஒப்பந்தம் 25.03 டாலர். அந்த விலையில் 100 பீப்பாய்க்கான மே ஒப்பந்தத்தை விற்றால், அதே பணத்துக்கு ஜூன் ஒப்பந்தத்தில் 73 பீப்பாய்தான் கிடைக்கும். மாற்றும் அந்த நொடியில் பணம் குறைவதில்லை, அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை. ஆனால் ஜூன் ஒப்பந்தம் முடியும்போது எண்ணெய் 25 டாலருக்கு ஏறியிருந்தால்தான் போட்டது திரும்பும், 18 டாலரிலேயே நின்றுவிட்டால் கால் பங்குக்கு மேல் கரைந்துவிடும்.

நடந்தது அதைவிட மோசம். ஏப்ரல் 20 அன்று மே ஒப்பந்தம் பூச்சியத்துக்குக் கீழே 37.63 டாலரில் முடிந்தது, அதாவது விற்பவரே பணம் கொடுத்துத் தள்ளிவிட வேண்டிய நிலை, மறுநாள் ஜூன் ஒப்பந்தம் 11.57 டாலருக்குச் சரிந்தது. ஃபண்ட் பயந்து, பணத்தைத் தூர மாத ஒப்பந்தங்களுக்கு மாற்றியது. பிறகு அருகில் உள்ள மாதம் வேகமாக மீண்டபோது தூர மாதங்கள் அந்த அளவுக்கு ஏறவில்லை. விழுந்தபோது முழுதாக விழுந்தோம், எழுந்தபோது பாதிதான் எழுந்தோம்.

கேட்டபோது, "மார்க்கெட் ரிஸ்க் சார், டாக்குமெண்ட்ல இருக்கு" என்றார் அதே ஆலோசகர். ஆம், இருந்தது, ஆங்கிலத்தில், பல பக்கங்கள் தள்ளி. மூன்று முறை புகார் எழுதினேன். மூன்றையும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். 85,000 ரூபாய்க்கு இதுதான் பதில்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு, அது பேக்வார்டேஷன். கையில் உள்ள மாதம் 60 டாலர், அடுத்த மாதம் 59 என்றால், 100 பீப்பாயை விற்ற பணத்தில் 101-க்கும் சற்று மேல் கிடைக்கும். விலை அசையாவிட்டாலும் மாதாமாதம் கொஞ்சம் சேரும். என்னிடம் இந்த இரண்டு வார்த்தைகளையும் யாரும் உச்சரிக்கவே இல்லை.

ஆகவே, வாங்கும் முன் இந்த மாத, அடுத்த மாத ஒப்பந்த விலைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தது நன்றாகக் கூடுதலாக இருந்தால் மாதக் கணக்கில் வைத்திருக்காதீர்கள். ஃபண்ட் எந்த மாத ஒப்பந்தத்தை வைத்திருக்கிறது என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். "வாங்கிட்டு மறந்துடுங்க" என்று யாராவது சொன்னால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.