கால் மெல்ல வீங்குதா: ராத்திரி ரத்த ஸ்மியரா, ஆன்டிஜன் டெஸ்டா?

எங்க மாமா தொண்டி பக்கம் விசைப்படகுல போறவுக. ரெண்டு வருசமா இடது கால் கணுக்கால்கிட்ட மெல்ல மெல்ல வீங்கி, மொதல்ல ராத்திரி தூங்கி எந்திரிச்சா வடிஞ்சுரும், அப்பறம் வடியவே மாட்டேங்குதுன்னு ஆகிப்போச்சு, இப்ப வலது காலும் லேசா ஆரம்பிச்சிருக்கு. நடுவுல அப்பப்ப நெறி கட்டி காய்ச்சல் வரும், ரெண்டு நாள்ல போயிரும். எளவட்டத்துல பத்து வருசம் நாகப்பட்டினத்துல போட்ல இருந்தவுக, அதனால யானைக்காலா இருக்குமோன்னு பயம். ஒரு லேப்ல சாயந்தரம் ஏழரை மணிக்கு ஸ்மியர் எடுத்து நெகட்டிவ்னு எழுதிக் குடுத்துட்டாங்க, அந்தப் பேப்பரைத் தூக்கிக்கிட்டுத்தான் எங்கிட்ட வந்தாக. நான் லேப் டெக்னீசியன், பதினஞ்சு வருசமா ஸ்லைடு பாக்குறேன், அந்த நேரத்தைப் பாத்ததுமே எனக்கு எரிச்சல் வந்துருச்சு.

யானைக்கால் கொசு கொண்டு வர்ற புழுவால வர்றது. ஸ்மியர்னா ரத்தத்த ஸ்லைடுல தடவி மைக்ராஸ்கோப்புல தேடுறது, அது தேடுறது பெரிய புழுவ இல்ல, அது போடுற குட்டிய, மைக்ரோஃபைலேரியா. பெரிய புழு நெணநீர்க் குழாய்க்குள்ள உக்காந்திருக்கும், குட்டிதான் ரத்தத்துல சுத்தும், அதுவும் பகல்ல நுரையீரல் பக்கம் போய் ஒதுங்கிக்கிட்டு கொசு கடிக்கிற ராத்திரி நேரத்துலதான் தோல்கிட்ட வர்ற ரத்தத்துக்கு வரும். ராத்திரி பத்துல இருந்து ரெண்டு மணி வரைக்கும்தான் நல்லா கெடைக்கும். ஏழரைக்கு எடுத்தா சந்தை கூடுறதுக்கு முன்னாடி போய் ஆள் இல்லன்னு திரும்பி வந்த கதை.

இதுல நம்ம கடக்கரை ஆளுகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. இந்த நேரக் கணக்கு சூரியனப் பாத்து இல்ல, ஆள் தூங்குறதப் பாத்து. ஒருத்தர் தொடர்ந்து ராத்திரி முழிச்சு பகல்ல தூங்கிட்டே இருந்தா குட்டி வர்ற நேரமும் பகலுக்கு நகந்துரும். மாமா ஒரு நாள் ராத்திரி கடல்ல முழிப்பு, மறுநாள் வீட்ல தூக்கம், அப்ப அவுக ஒடம்புக்கு எது ராத்திரின்னு யாரு சொல்றது? அதனால மீன்பிடி தடைக்காலத்துக்குக் காத்திருந்தோம், ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் படகு கரையிலதானே நிக்கும், மூணு வாரம் ஒழுங்கா ராத்திரி தூங்குனதுக்கு அப்பறம் பதினொன்னே காலுக்கு எழுப்பி வெரல்ல குத்துனேன். மாமா திட்டுன திட்ட இங்க எழுத முடியாது.

அளவும் முக்கியம். ஒரு ஆள் ரத்தத்துல ஒரு மில்லிக்கு 50 குட்டி இருக்குன்னு வச்சுக்கோங்க. 20 மைக்ரோலிட்டர் எடுத்தா அதுல சராசரியா ஒண்ணுதான் இருக்கும், அப்படின்னா பத்து தடவை எடுத்தா மூணு நாலு தடவை ஒண்ணுமே சிக்காது, புழு இருந்துக்கிட்டே நெகட்டிவ் வரும். 60 எடுத்தா சராசரி மூணு, தப்பிக்கிறது இருவதுல ஒரு தடவைதான். அதனால ஒரே ஸ்லைடுல இருவது இருவதா மூணு கோடு இழுப்பேன். காஞ்சதும் தண்ணில முக்கி ரத்தச் செவப்ப எறக்கணும், இத அவசரத்துல ஒழுங்கா செய்யலன்னா பின்னாடி கலர் போட்டும் மொத்த ஸ்லைடும் சேறு மாதிரி இருக்கும், அதுக்குள்ள புழு கெடந்தாலும் தெரியாது. புழு கெடைச்சா வாலப் பாப்பேன், வால் நுனியில புள்ளி இல்லாம வெறுமையா இருந்தா பான்கிராஃப்டிங்கிற இனம், நம்ம ஊர்ல இதுதான். நுனியில தனியா ரெண்டு புள்ளி இருந்தா மலையி, அது கேரளா சேர்த்தலை பக்கம் இருந்த இனம்.

இப்ப ஆன்டிஜன். இது குட்டியத் தேடல, பெரிய புழு ரத்தத்துல விடுற பொருளத் தேடுது, அதனால பகல், ராத்திரி, கடல், கரை எதுவும் பிரச்சின இல்ல. வெரல்ல இருந்து 75 மைக்ரோலிட்டர், ஸ்ட்ரிப்புல விட்டு சரியா பத்து நிமிசத்துல பாக்கணும். கன்ட்ரோல் கோடு வரலன்னா அந்த ஸ்ட்ரிப்பத் தூக்கிப் போடணும். டெஸ்ட் கோடு எவ்வளவு மங்கலா இருந்தாலும் பத்து நிமிசத்துல தெரிஞ்சா பாசிட்டிவ்தான், ஆனா டீ குடிச்சுட்டு அரை மணி கழிச்சு வந்து பாத்து கோடு தெரியுதுன்னா அத எடுத்துக்கக் கூடாது, லேட்டா வர்ற கோடு ஏமாத்தும். இன்னொண்ணு, சில லேப்ல ஃபைலேரியா ஆன்டிபாடின்னு ஒண்ணு எடுப்பாங்க, அது வேற. என்னைக்கோ கொசு கடிச்சு கிருமி உள்ள வந்துட்டுப் போயிருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டும், ரிப்போர்ட்ல ஆன்டிஜனா ஆன்டிபாடியான்னு எழுத்துக் கூட்டிப் படிங்க.

மாமாவுக்கு ஸ்ட்ரிப்புல ஒம்பதாவது நிமிசமே மங்கலா கோடு விழுந்துச்சு. ராத்திரி ஸ்லைடுல மூணு கோட்டையும் ரெண்டு தடவை தேடுனேன், ஒண்ணும் இல்ல.

“அப்ப ஒண்ணு இருக்குங்குது ஒண்ணு இல்லங்குது, எது பொய்யி மாப்ள?”ன்னு கேட்டாக.

எதுவும் பொய் இல்ல. பெரிய புழு உள்ள இருக்கு, குட்டி ரத்தத்துல இல்ல, இல்லன்னா 60 மைக்ரோலிட்டர்ல சிக்காத அளவுக்குக் கொஞ்சம். கால் வீங்க ஆரம்பிச்ச ஆளுகள்ள இது சகஜம், அதனாலதான் ஒண்ணே ஒண்ணுதான் எடுக்க முடியும்னா நான் ஆன்டிஜனத்தான் சொல்வேன். தலைகீழா, ஸ்லைடுல புழு கண்ணுக்குத் தெரியுது ஸ்ட்ரிப் நெகட்டிவ்னு வந்தா, நான் திரும்ப வால் நுனியப் பாத்துட்டு கேரளாவுல தங்கி தொழில் பாத்தீங்களான்னு கேப்பேன், ஏன்னா இந்த ஸ்ட்ரிப் மலையிய புடிக்காது. ரெண்டும் பாசிட்டிவ்னா பேச்சே இல்ல, அவரக் கடிக்கிற கொசு அடுத்தவனுக்குக் கொண்டு போவும்.

ரெண்டும் நெகட்டிவ்ங்கிறதுலதான் ஜனங்க ஏமாறுறாங்க. எங்க தெருவுல ஒரு அப்பத்தா, கும்பகோணத்துல இருந்து கட்டிக்கிட்டு வந்தவுக, முப்பது வருசமா கால் தூண் மாதிரி, ரெண்டாவது வெரல் அடித்தோலக் கிள்ளித் தூக்கவே முடியாது. ரெண்டு டெஸ்டும் நெகட்டிவ். அவுகளுக்கு யானைக்கால் இல்லன்னு அர்த்தமா? புழு என்னைக்கோ செத்துப் போச்சு, அது கெடுத்துட்டுப் போன குழாய் மட்டும் மிச்சம். அந்த மாதிரி காலுக்கு டெஸ்ட் பதில் சொல்லாது, பழைய கதையும் கையால தொட்டுப் பாக்குறதும்தான் சொல்லும். அதே சமயம் ரெண்டு காலும் ஒண்ணா ஒரே அளவுல வீங்கி, கட்டவெரலால அமுக்குனா குழி விழுந்து, காலைல மொகமும் உப்பி இருந்தா மொதல்ல யூரின்ல அல்புமின் பாருங்க, கிட்னி, இருதயம், தைராய்டு பாருங்க, ஸ்ட்ரிப் அப்பறம். ஆன்டிஜன் பாசிட்டிவ் வந்துட்டா கூட வீக்கம் முழுக்க அதாலதான்னு சத்தியம் பண்ண முடியாது, புழுவும் இருந்து கிட்னியும் கெட்ட ஆளு இருக்கத்தான் செய்வாங்க. மாமாவுக்கு டாக்டர் இத எல்லாம் பாத்து ஒண்ணும் இல்லன்னு ஆனதுக்கு அப்பறம்தான் மாத்திரை எழுதுனாரு: டிஇசிங்கிற புழு மருந்து, கிலோவுக்கு 6 மில்லிகிராம், 66 கிலோ ஆளுக்கு தெனம் 100 மில்லிகிராம் மாத்திரை நாலு, 12 நாள்.

மூணாவது மாசமே “திரும்ப ஸ்ட்ரிப் போட்டுப் பாரு”ன்னு வந்து நின்னாக. வேண்டாம் மாமான்னு சொல்லியும் கேக்கல, போட்டேன், அதே கோடு. மொகம் செத்துப் போச்சு. புழு செத்தாலும் அந்தப் பொருள் ரத்தத்துல மாசக்கணக்கா, சில பேருக்கு வருசக்கணக்கா நிக்கும், மருந்து கேக்கலன்னு இதுல முடிவு பண்ண முடியாது. அன்னைக்கே டேப்ப எடுத்து கணுக்காலுக்கு மேல பத்து சென்டிமீட்டர்ல சுத்திப் பாத்தோம், தடைக்காலத்துல 29.5 இருந்தது, இப்ப 28. தெனம் சோப்பு போட்டுக் கழுவி வெரலிடுக்கு வரைக்கும் தொடச்சு காய வச்சதுக்கும், ராத்திரி தலகாணி மேல கால வச்சதுக்கும் அதுல பங்கு இருக்கு, வலை முள்ளு குத்துன புண்ணு ஆறுனதுல இருந்து நெறியும் கட்டல.