ஈசியில் வராத பாட்டி: கிருஷ்ணகிரியில் பழைய வீட்டுக்கு வங்கிக் கடன்

அப்பா அம்மாவுக்காகக் கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு பழைய வீடு பார்த்திருந்தோம். விலை 48 லட்சம். ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் போனபோது கடன் வேலையை முடித்துவிடலாம் என்று ஒரு பொதுத்துறை வங்கியில் விண்ணப்பித்தேன். சம்பளச் சான்று, விசா, கணக்கு விவரம் எல்லாம் சீக்கிரமே சரியென்று சொல்லிவிட்டார்கள். இழுத்தது வீட்டின் பத்திரங்கள்தான். ஊரில் பழைய வீடு வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவுமே என்று அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நடைமுறை இதுதான். விற்பவரிடமிருந்து வாங்கிய நகல்களை வங்கி தன் பேனல் வழக்கறிஞருக்கு அனுப்பும். அவருக்கான கட்டணம் நம் தலையில். அவர் 'லீகல் ஒப்பீனியன்' கொடுத்தால்தான் அடுத்த கட்டம். விற்பவரின் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், ஈசி எனப்படும் வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி வரைபடம், வீட்டு வரி ரசீது ஆகியவை வழக்கமாகக் கேட்பவை. ஈசி 30 வருடத்துக்குப் போதும் என்று தரகர் சொன்னார். வழக்கறிஞர் அதோடு விடவில்லை. விற்பவரின் அப்பா வீட்டை வாங்கியது 1987இல் என்பதால், அந்த ஆண்டையும் சேர்த்து ஈசி வேண்டும் என்றார். tnreginet.gov.in தளத்தில் அது கிடைத்தது. கணினியில் ஏறாத பழைய வருடங்கள் தேவைப்பட்டால் சார் பதிவாளர் அலுவலகத்தில்தான் தேடி வாங்க வேண்டும்.

பத்திரங்களைப் படிக்கும்போது ஒன்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரே மனைக்கு மூன்று மாவட்டங்கள். 1961 தாய்ப்பத்திரத்தில் சேலம் ஜில்லா, 1987 கிரையப் பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம், 2013 பத்திரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம். தர்மபுரி 1965இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004இல் தர்மபுரியிலிருந்தும் பிரிந்தவை. வெளியூர்க் கிளையில் கடன் கேட்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நமக்குக் கிடைத்த வழக்கறிஞர் உள்ளூர்க்காரர். அவர் பார்த்தது சர்வே எண்ணும் நான்கெல்லையும் மூன்றிலும் பொருந்துகிறதா என்பதைத்தான். பொருந்தியது.

ஈசியில் ஒரு சிக்கல் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது. விற்பவரின் அப்பா 1990இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். 1997இல் கட்டி முடித்த ரசீதும் வீட்டில் இருக்கிறது. ஆனால் அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யவில்லை. அதனால் ஈசியைப் பொறுத்தவரை கடன் இன்னும் நிற்கிறது. சங்கத்திலிருந்து அதிகாரம் பெற்றவர் வந்து அதைப் பதிவு செய்து கொடுத்ததும் அது தீர்ந்துவிட்டது. அலைச்சல் இருந்ததே தவிர தலைவலி இல்லை. தலைவலி ஈசியிலேயே வராத ஒன்றால் வந்தது.

குடும்பக் கதையைச் சொன்னால்தான் புரியும். விற்பவரை அண்ணன் என்றே சொல்கிறேன். அண்ணனின் அப்பா பள்ளி ஆசிரியர். தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. 1999இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். 2012இல் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கினார்கள். அதில் இந்த நான்கு பேர். 2013இல் அம்மாவும் இரண்டு தங்கைகளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்கள். பட்டாவும் அவர் பெயருக்கே மாறிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடச் சுத்தமான ஆவணம் கிடையாது. தங்கைகள் கையெழுத்துப் போடாத வீடுகளைத்தான் நான் அதற்கு முன் பார்த்திருந்தேன்.

வழக்கறிஞர் எல்லாவற்றையும் படித்துவிட்டு அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க அப்பாவைப் பெத்த பாட்டி எப்ப தவறினாங்க?"

2006இல் என்றார் அண்ணன்.

"அப்ப உங்க அப்பா சாகும்போது அவங்க உயிரோட இருந்தாங்க. அவங்களும் வாரிசு."

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, மகன், மகள் இவர்களோடு அவரைப் பெற்ற தாயும் அந்த வகுப்பில் இருக்கிறார். ஆளுக்கு ஒரு பங்கு. தகப்பனார் அந்த வகுப்பில் இல்லை என்பதால், பெற்றவர்கள் இருவருக்குமே பங்கில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வீட்டில் பங்கு நான்கல்ல, ஐந்து. ஐந்தில் ஒன்று 1999லேயே பாட்டிக்குப் போய்விட்டது.

பாட்டி இறந்ததும் அந்தப் பங்கு தானாக அண்ணன் குடும்பத்துக்குத் திரும்பி வராது. அது அவரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்கும். பாட்டிக்கு நான்கு பிள்ளைகள்: அண்ணனின் அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள். ஐந்தில் ஒன்றை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு இருபதில் ஒன்று. முன்பே இறந்த மகனின் பங்கு அவர் பிள்ளைகளுக்கு, அதாவது அண்ணனுக்கும் தங்கைகளுக்கும் வரும். மீதி மூன்று பங்கு வெளியே நிற்கிறது. இருபதில் மூன்று என்றால் 15 சதவீதம்; 48 லட்சத்தில் 7 லட்சத்து 20 ஆயிரம். எந்தக் காகிதத்திலும் பெயரே இல்லாத மூன்று கிளைகளுக்கு இந்த வீட்டில் அவ்வளவு உரிமை.

அண்ணனுக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். ஈசி கிளியர், பட்டா என் பெயரில், இத்தனை வருடமாக அத்தைகள் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்றார். மூன்றுக்கும் வழக்கறிஞர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஈசி என்பது பதிவான பரிமாற்றங்களின் பட்டியல். ஒருவர் இறந்தாலே, பதிவு அலுவலகத்துக்குப் போகாமலே சொத்து கைமாறிவிடும், அது ஈசியில் ஏறாது. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அது உரிமையை உண்டாக்காது. கேட்காமல் இருந்ததாலும் உரிமை போய்விடாது, ஏனென்றால் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் அது எல்லாருக்காகவும் அனுபவித்ததாகவே கொள்ளப்படும்.

வாரிசுச் சான்று இருக்கிறதே என்றேன் நான். அதில்தான் விஷயமே இருக்கிறது. இறப்பு நடந்து பல வருடம் கழித்துச் சான்று வாங்கும்போது, கிராம நிர்வாக அலுவலர் விசாரணையில் அன்றைக்கு உயிரோடு இருப்பவர்களை மட்டும் எழுதிவிடுவது உண்டு. அப்பா இறந்தது 1999, பாட்டி இறந்தது 2006, சான்று வாங்கியது 2012. இந்த மூன்று தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஓட்டை தெரிந்துவிடும். தேதிகள் இடம் மாறி, பாட்டி முதலில் இறந்திருந்தால், பிரச்சினையே இல்லை. வழக்கறிஞர் வாரிசுச் சான்றோடு இரண்டு பேரின் இறப்புச் சான்றையும் கேட்டது இதற்காகத்தான்.

இந்தக் கணக்கு இந்துக் குடும்பத்துக்கு, அதுவும் சொந்தச் சம்பாத்தியச் சொத்துக்கு மட்டும். பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தாலும் தாய்க்கு ஆறில் ஒன்று உண்டு. கிறிஸ்தவர்களில் இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கு கிடையாது.

சரி, எப்படித் தீர்ப்பது? இரண்டு வழி சொன்னார். வெளியே நிற்கும் பங்குகளை முதலில் அண்ணனுக்கு விடுதலை எழுதி வாங்கிவிட்டு, பிறகு எனக்குக் கிரையம் செய்யலாம். அல்லது கிரையப் பத்திரத்திலேயே அவர்களையும் விற்பவர்களாகச் சேர்க்கலாம். இரண்டாவதில் இன்னொரு பத்திரச் செலவு மிச்சம். எப்படியும் என் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டத்தான் போகிறோம். அதனால் இரண்டாவதையே எடுத்துக்கொண்டோம்.

சித்தப்பா பர்கூரில் இருக்கிறார், பேசியதுமே சம்மதித்துவிட்டார். பெரிய அத்தை காவேரிப்பட்டினம். அவரும் சரி என்றார். சின்ன அத்தைதான் பாட்டிக்குப் பிறகு பாலக்கோட்டில் தவறிவிட்டார். அதனால் அவரின் இருபதில் ஒன்று அவர் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் போயிருந்தது. பிள்ளைகள் இருவரும் மேஜர் என்பதால் தப்பித்தோம். மைனர் இருந்திருந்தால் நீதிமன்ற அனுமதி வரை போயிருக்கும், என் விடுமுறைக்குள் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பதிவுக்கு நேரில் வருவதில் அவனுக்குச் சிரமம் இல்லை.

அப்புறம் காகித வேலை. பாட்டிக்கு ஒரு வாரிசுச் சான்று, சின்ன அத்தைக்கு ஒன்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று வரிசையாகப் போகிறது. பாட்டியின் சான்றில் முன்பே இறந்த மகனின் பெயரும், அவர் வழிப் பேரப்பிள்ளைகளின் பெயர்களும் வந்தே ஆக வேண்டும் என்று வழக்கறிஞர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் பழைய ஓட்டையே புதுக் காகிதத்திலும் வந்திருக்கும்.

பணம் எப்படிப் போகிறது என்பதையும் அவர் விடவில்லை. வங்கியின் டிடி அண்ணன் பெயருக்குத்தான் வரும். அதனால் மற்ற ஐந்து பேரும் தங்கள் பங்குக்கான தொகையைப் பெற்றுக்கொண்டதாகப் பத்திரத்தில் தனித்தனியாக எழுத வேண்டும் என்றார். அவர்களுக்குள் என்ன பேசி முடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

என் கருத்து ஒன்று. ஊரில் எல்லாரும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வங்கிக்குப் போகிறார்கள். நாங்கள் டோக்கனாக ஒரு சிறு தொகைதான் கொடுத்திருந்தோம். பெரிய தொகை கொடுப்பதற்கு முன் நகல்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முடியாவிட்டால், வங்கியின் சட்டக் கருத்து சாதகமாக வராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் செய்யாதவர்களுக்குப் பேரம் பேசும் பலம் போய்விடுகிறது. சொத்து யாராவது இறந்ததால் கைமாறியது என்றால், விற்பவரிடம் இறந்தவரின் தாயைப் பற்றி நீங்களே கேட்டுவிடுங்கள்.

சான்றுகள் வந்து ஒப்பீனியன் கிடைக்கும் வரை நான் ஊரில் இருக்க முடியாது என்பதால், கிளம்புவதற்கு முன் அப்பாவுக்கு இந்த ஒரு வீட்டுக்கு மட்டுமான பவர் எழுதிச் சார் பதிவாளர் அலுவலகத்திலேயே பதிவு செய்து கொடுத்தேன். ஷார்ஜா திரும்பிய பிறகு என்றால் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டியிருக்கும். பவரில் வங்கிக்கென்று தனி வாசகம் உண்டு. கடன் ஆவணங்களில் கையெழுத்திடவும், மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்து அதைப் பதிவு செய்யவும் அதிகாரம் இருக்க வேண்டும். அந்த மாதிரியைக் கிளையிலேயே கேட்டு வாங்கி, பத்திர எழுத்தரிடம் கொடுத்துவிட்டால் இரண்டாம் முறை எழுத வேண்டி வராது.