பெரியவர்களுக்கு போன் கற்றுக்கொடுக்கும் வேலை: வேலூரில் இரண்டு வருட அனுபவம்

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள வயதானவர்களுக்கு ஸ்மார்ட்போன் கற்றுக்கொடுக்கிறேன். மணிக்கு 150 ரூபாய். இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. பெரிய வருமானம் இல்லை, கேஸுக்கும் கரண்ட் பில்லுக்கும் ஆகும். வருகிறவர்களில் பாதிப்பேர் ரிட்டயர்ட் வாத்தியார்கள், மீதிப்பேர் கணவர் இறந்தபின் தனியாக இருக்கும் அம்மாக்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வேலூர் வெயிலில் மதியம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், சாயங்காலம் சீரியல் ஓடும். அதனால் காலை பத்து மணிக்கு மேல்தான் வகுப்பு.

முதல் வகுப்பில் நான் எதையும் சொல்லித்தருவதில்லை. அவர்கள் எப்படித் தொடுகிறார்கள் என்று பார்ப்பேன். "போன் தானா என்னென்னமோ பண்ணுதும்மா" என்பவர்களில் பெரும்பாலோருக்கு விஷயம் விரலில்தான் இருக்கிறது. பழைய பட்டன் போனில் அழுத்திப் பழகிய கை, தொட்டால் போதும் என்று நம்பாது. ஒரு நொடி அழுத்திப் பிடித்துவிடும். போனுக்கு அது வேறு கட்டளை. வாட்ஸ்அப்பில் பெயரைத் தொட்டால் அது திறக்காமல் பச்சை டிக் விழும். முகப்பில் ஐகான் நகர்ந்து எங்கோ போய்விடும். இதற்கு செட்டிங்ஸில் Accessibility பகுதிக்குள் Touch & hold delay என்று ஒன்று இருக்கிறது. அதை Long என்று மாற்றினால், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் போன் சாதாரணத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும். கம்பெனிக்குக் கம்பெனி இருக்கும் இடம் மாறும், தேடித்தான் எடுக்க வேண்டும். பாதிப் புலம்பல் இதோடு நின்றுவிடும். எழுத்தைப் பெரிதாக்குவதில் மட்டும் அளவு வேண்டும். கடைசி அளவுவரை ஏற்றினால் சில ஆப்களில் அடியில் இருக்கும் பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். அவர்களுக்கு பட்டன் இல்லாத மாதிரிதான் தெரியும்.

வீடியோ கால் சீக்கிரம் வந்துவிடும். ஒரே ஒரு சிக்கல்: அதே கால் இரண்டு வேஷத்தில் வரும். போன் பூட்டியிருந்தால் திரை முழுக்க வரும், பட்டனை மேலே இழுக்க வேண்டும். போன் திறந்திருந்தால் மேலே ஒரு சின்னப் பட்டையாக வரும், அதில் Answer என்பதைத் தொட வேண்டும். ஒன்றை மட்டும் கற்றவர் மற்றது வந்தால் திகைத்து நிற்பார். அதனால் பக்கத்து அறையில் உட்கார்ந்து நானே மாற்றி மாற்றிக் கூப்பிடுவேன்.

மற்றபடி நேரம் போவதெல்லாம் பணம் அனுப்புவதில். இதில் நான் கேட்கும் முதல் கேள்வி: "பென்ஷன் ஏறினா மெசேஜ் எந்த போனுக்கு வருது?" இதற்குப் பதில் தெரியாமல் ஆப் இறக்குவதே வீண். யு.பி.ஐ. ஆப், போனில் இருக்கும் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி, அந்த எண்ணை வைத்துத்தான் வங்கிக் கணக்கைத் தேடுகிறது. வங்கியில் பதிந்த எண்ணும் சிம்மும் ஒன்றாக இல்லாவிட்டால் கணக்கே இல்லை என்று சொல்லிவிடும்.

கொசப்பேட்டையில் ஓர் அம்மாவுக்கு இதுதான் நடந்தது. குடும்ப பென்ஷன், கையில் மகன் வாங்கிக் கொடுத்த நல்ல போன். ஆப் மட்டும் "கணக்கு இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தனக்குத்தான் தெரியவில்லை என்று அவர் நினைத்திருந்தார். பென்ஷன் மெசேஜ் எதுவும் அந்த போனுக்கு வந்ததே இல்லை. பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் விசாரித்தால், பதிவில் இருந்தது இறந்துபோன கணவரின் எண். அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. ஆதார் நகலோடு படிவம் கொடுத்து எண்ணை மாற்றி, மெசேஜ் வர ஆரம்பித்தபின் மறுபடி உட்கார்ந்தோம். அப்போதும் எஸ்.எம்.எஸ். போகவில்லை, ரீசார்ஜ் முடிந்திருந்தது. அதைப் போட்டதும் கணக்கு வந்துவிட்டது.

அடுத்தது பின் நம்பர். டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் முடியும் தேதியும் கேட்கும், ஓ.டி.பி. வரும். கார்டு இல்லாதவர்களுக்கு ஆதார் வழியாகவும் வைக்கலாம், வங்கியிலும் ஆதாரிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன். "நீயே போட்டுக் குடும்மா" என்று எல்லோரும் கேட்பார்கள். போடமாட்டேன். என்றைக்காவது கணக்கில் நூறு ரூபாய் குறைந்தால்கூட முதலில் என் முகம்தான் நினைவுக்கு வரும்.

பென்ஷன் கணக்கை நான் இணைக்க விடுவதில்லை. வேறு வங்கியில் சின்னக் கணக்கு ஒன்று இருந்தால் அதில் இரண்டு மூன்றாயிரம் போட்டு அதை மட்டும் இணைப்போம். கொசப்பேட்டை அம்மாவிடம் பென்ஷன் கணக்கைத் தவிர வேறு கணக்கு இல்லை. புதிதாக ஒன்று தொடங்கும்வரை வகுப்பைத் தள்ளிவைத்தோம். அவருக்குச் சலிப்புதான்.

பழக்கம் ஒரு ரூபாயில் ஆரம்பிக்கும். மகளுக்கு ஒரு ரூபாய், எனக்கு ஒரு ரூபாய். அப்புறம் தெருமுனை காய்கறிக் கடை. ஸ்கேன் செய்ததும் மேலே வரும் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும், தொகையையும் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் பின் நம்பர். முதல் நாள் அந்த அம்மா 45 ரூபாய்க்கு 450 அடித்தார். சத்தமாகப் படித்ததால் கடைக்காரரே "அம்மா, ஒரு சைபர் ஜாஸ்தி" என்றார். கடையில் வகுப்பு எடுப்பதில் இப்படி ஒரு லாபம்.

பணம் போய், கடைக்காரரின் பெட்டி குரல் கொடுக்காவிட்டால் உடனே மறுபடி அனுப்பக்கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். முதலில் ஹிஸ்டரியைப் பார்க்க வேண்டும். Pending என்றிருந்தால் காசாகக் கொடுத்துவிட்டு வரலாம். நம் கணக்கில் கழிந்து கடைக்குச் சேராத பணம் தானாகத் திரும்ப வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி அதற்கு ஐந்து நாள் கெடு.

"பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை" என்று எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். சரிதான், ஆனால் பேலன்ஸ் பார்க்கவும் ஆப் அதைக் கேட்கும். இதைச் சொல்லாமல் விட்டால் இரண்டாவது நாளே பெரியவர்கள் குழம்பிவிடுவார்கள். நான் சொல்வது: நீங்களாகத் திறந்து பேலன்ஸ் பார்த்தால் போடலாம், யாரோ போனில் சொல்லி, பணம் வரும் என்று போடச் சொன்னால் வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் சைபர் குற்றப் புகாருக்கான 1930-ஐக் கூப்பிட வேண்டும். அந்த எண்ணை எல்லா போனிலும் பதிந்து கொடுக்கிறேன், காலண்டரிலும் எழுதி வைக்கிறேன்.

கட்டணம் விஷயத்தில், மொத்தப் பேக்கேஜ் எனக்குச் சரிவரவில்லை. ஒருவருக்கு மூன்று வகுப்பு போதும், இன்னொருவருக்கு பத்தும் போதாது. மணிக்கணக்குதான் இருவருக்கும் நியாயம். ஆப் அப்டேட் ஆகித் திரை மாறிவிட்டால் வந்து பார்த்துவிட்டுப் போக 50 ரூபாய். மறதி அதிகமாகிவிட்டவர்களுக்கு நான் பணம் அனுப்பக் கற்றுத்தருவதில்லை. அவர்கள் பிள்ளைகளிடம் யு.பி.ஐ. சர்க்கிள் பற்றிச் சொல்கிறேன். அதில் பிள்ளையின் கணக்கிலிருந்து பணம் போகும், அம்மா ஸ்கேன் செய்தால் பிள்ளையின் போனுக்குச் சம்மதம் கேட்டுப் போகும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு இது சரிப்படாது, இங்கே காலையில் கீரை வாங்கும் நேரம் அங்கே ராத்திரி. அவர்கள் முழு அனுமதி கொடுத்து வைக்கலாம், மாதம் 15,000 ரூபாய் வரைதான் போகும். பெங்களூரில் இருக்கும் மகளோ மருமகனோ இருந்தால் அவர்கள் போனில் சம்மதம் கேட்கும்படி வைப்பதே மேல்.