அலுவலகக் கணினியை இணையத்துக்குத் திறந்துவிட்டுப் போகிறவர்களிடம் எச்சரிக்கை

மண்டபம் ஊரில் உள்ள எங்கள் கருவாட்டு மண்டியின் கணக்குக் கணினியை ராமநாதபுரத்து வீட்டிலிருந்தே பார்க்க வசதி கேட்டோம். அமைத்துத் தர வந்தவர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற வாசலை நேரே இணையத்துக்குத் திறந்துவைத்தார். "இது பாதுகாப்புதானா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். "பாஸ்வேர்டு இருக்கிறதே அண்ணே" என்று சொல்லிக் கூலி வாங்கிப் போனார்.

ஒரு திங்கட்கிழமை காலை எந்தக் கணக்கும் திறக்கவில்லை. கோப்புப் பெயர்களின் பின்னால் புரியாத எழுத்துகள். திரையில் பணம் கேட்கும் கடிதம். கணினியிலேயே செருகியிருந்த காப்பு டிஸ்க்கும் பூட்டப்பட்டிருந்தது. ஆடிட்டரிடம் இருந்த பழைய நகல் மட்டுமே மிஞ்சியது.

எப்படி நுழைந்தார்கள் என்பதை விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான Event Viewer காட்டியது. Security பதிவில் 4625, அதாவது தோற்றுப்போன நுழைவு, பக்கம் பக்கமாக இருந்தது. administrator, admin, user, tally என்று பெயர்களை மாற்றி மாற்றி இரவு பகலாக முயன்றிருக்கிறார்கள். கடைசியில் tally என்ற பெயரில் ஒரு 4624: நுழைந்துவிட்டார்கள். அந்தக் கணக்கை எளிய பாஸ்வேர்டோடு உருவாக்கியவரும் அதே ஆள்தான்.

இணையம் முழுவதையும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் துழாவுகின்றன. சிறிய ஊர், சிறிய கடை என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. பிறகு அமைத்துத் தந்தவரைக் கேட்டபோது, "போர்ட் எண்ணை மாற்றித் தருகிறேன்" என்றார். எந்த எண்ணில் இருந்தாலும் பதில் வரும் விதத்திலேயே ரிமோட் டெஸ்க்டாப் என்று அந்த நிரல்கள் கண்டுகொள்ளும். கடினமான பாஸ்வேர்டு மட்டும் போதாது: 2019இல் வெளிவந்த, ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வழியே, விண்டோஸ் 7 போன்ற பழைய கணினிகளுக்குள் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய முடிந்தது.

இப்போது அந்த ஃபார்வர்டிங்கை நீக்கிவிட்டு, வயர்கார்டு என்ற வி.பி.என், அதாவது சாவி உள்ளவர் மட்டும் நுழையும் தனிப்பாதை, வைத்திருக்கிறோம். சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே தராது. துழாவுகிறவருக்கு அங்கே வாசல் இருப்பதே தெரியாது. முதலில் வி.பி.என், அதற்குள்தான் ரிமோட் டெஸ்க்டாப். விண்டோஸ் ஃபயர்வாலிலும் வி.பி.என் முகவரிகளுக்கு மட்டுமே 3389ஐ அனுமதித்திருக்கிறோம். தனிப் பொது ஐ.பி. தராத இணைப்பு என்றால், ரவுட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லாத டெயில்ஸ்கேல் என்ற வி.பி.என் சேவை உதவும். காப்பு டிஸ்க்கை நகல் எடுத்ததும் கழற்றிவிடுகிறோம்.

உங்கள் கணினியும் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அலுவலக வைஃபையில் அல்லாமல், கைபேசி இணையத்தில் இணைத்த மடிக்கணினியின் பவர்ஷெல்லில், உங்கள் அலுவலகப் பொது ஐ.பி.யை இட்டு:

```
Test-NetConnection 203.0.113.10 -Port 3389
```

TcpTestSucceeded : True என்று வந்தால் இன்றைக்கே மூடுங்கள். False வந்தாலும் ரவுட்டரின் Port Forwarding பக்கத்தைத் திறந்து பாருங்கள். வேறு எண்ணில் திறந்து வைத்திருக்கக்கூடும். அமைத்துத் தருகிறவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்ன பிறகே கூலியைக் கொடுங்கள்.