பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்கு 1,000 யூரோ: வங்கி ஆப்பா, பணம் அனுப்பும் ஆப்பா?

அல்சூரிலோ சிவாஜிநகரிலோ இருக்கும் தமிழ்க் குடும்பம், ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைக்கு மாதச் செலவுக்கு 1,000 யூரோ அனுப்ப வேண்டும். கையில் இருப்பது இரண்டு வழி: கணக்கு வைத்திருக்கும் வங்கியின் ஆப், அல்லது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதையே தொழிலாகச் செய்யும் கம்பெனியின் ஆப். ஆங்கிலம், இந்தி, சில சமயம் கன்னடம் என்று மொழி காட்டினாலும் தமிழ் இருக்கும் என்று நம்ப முடியாது. இதில் எது மலிவு என்று விளம்பரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, கணக்குப் போட்டால்தான் தெரியும்.

கணக்கு எளிதாக இருக்க, கூகுளில் 1 EUR to INR என்று தேடும்போது 100 ரூபாய் வருவதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகளும் கட்டணங்களும் உதாரணத்துக்கு மட்டும்.

வங்கி ஆப் 102.50க்கு யூரோ தருகிறது. கமிஷன் 500, அதற்கு ஜிஎஸ்டி 90. பணம் மாற்றுவதற்கென்று தனி ஜிஎஸ்டி சுமார் 182. ஆக 1,03,272 ரூபாய் போகிறது. வழியில் இருக்கும் இடைவங்கி 15 யூரோ பிடித்தால் பிள்ளைக்குச் சேர்வது 985தான். அப்போது சேர்ந்த ஒரு யூரோவுக்கு விழுந்த விலை 104.84.

இன்னொரு ஆப் 100.60 விலை சொல்லி, 1,200 ரூபாய் கட்டணத்தை முகத்திலேயே காட்டுகிறது. ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 1,02,197 ஆகிறது, 1,000 யூரோ முழுசாகச் சேர்கிறது. யூரோவுக்கு 102.20. கட்டணத்தை மட்டும் பார்த்தவர் 500 ரூபாய் வங்கியைத்தான் எடுத்திருப்பார். ‘கட்டணமே இல்லை’ என்று 103க்கு விற்கும் ஆப்பும் இதே கணக்கில் 103.18 ஆகிறது. ஒப்பிடுவதற்கு ஒரே அளவுகோல் இதுதான்: நம் கையிலிருந்து போகும் மொத்த ரூபாயை, அங்கே சேரும் யூரோவால் வகுக்க வேண்டும்.

வங்கியின் விலைப்பட்டியலில் TT Buy, TT Sell என்று இரண்டு பத்தி இருக்கும். Buy குறைவாக இருப்பதால் கண் அங்கேதான் போகும். ஆனால் நமக்கு வங்கி யூரோவை விற்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது TT Sell. அதேபோல் வழிச்செலவை யார் கட்டுவது என்று கேட்டு OUR, SHA, BEN என்று வரும் இடத்தில் SHA என்றால் இடைவங்கிச் செலவு பெறுபவர் தலையில் விழும், OUR என்றால் அதை நாமே கட்டுகிறோம். கல்லூரிக் கட்டணம் என்றால் OUR போடுவதே நல்லது. 15 யூரோ குறைந்து போனால் கட்டணம் பாக்கி என்று கல்லூரியிலிருந்து மெயில் வரும்.

மொழி விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். மெனுவை எந்த மொழியில் வேண்டுமானாலும் பாருங்கள்; பிரவுசரின் தானியங்கி மொழிபெயர்ப்பையும் அதுவரை வைத்துக்கொள்ளலாம். கடைசி உறுதிப் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டு மூலத்தையே படியுங்கள். மொழிபெயர்ப்பு பெயரையும் ஊரையும் கூட மாற்றிக் காட்டிவிடும். பல வங்கி ஆப்களில் ஸ்கிரீன்ஷாட் கறுப்பாகத்தான் விழும். படம் அனுப்பிக் கேட்கலாம் என்று நினைத்தால் நடக்காது. வீடியோ காலில் பிள்ளைக்கு எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டுவதே எளிது.

அனுப்பும் காரணம் கேட்கும் பட்டியலிலும் அவசரம் வேண்டாம். படிப்புச் செலவுக்கு S0305, அன்பளிப்புக்கு S1302. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் தாண்டினால் டிசிஎஸ் என்ற வரியை அனுப்பும்போதே பிடிப்பார்கள், படிப்புக்கு விகிதம் குறைவு, அன்பளிப்புக்கு 20 சதவீதம்.

பெறுபவர் விவரத்தில் கேட்கும் IBAN என்பது வங்கிக் கணக்கின் சர்வதேச எண். ஜெர்மன் IBAN DE என்று தொடங்கி மொத்தம் 22 எழுத்து. DE-க்கு அடுத்த இரண்டு இலக்கம் சோதனைக்கானவை, ஒரு எண் மாறித் தட்டினால் ஆப்பே பிழை என்று நிறுத்திவிடும். ஆனால் பழைய பட்டியலில் இருக்கும் வேறொருவரின் சரியான IBAN-ஐத் தேர்ந்தெடுத்தால் எந்த எச்சரிக்கையும் வராது. அமெரிக்காவுக்கு அனுப்பும்போது IBAN-ஏ கிடையாது, கணக்கு எண்ணை இருமுறை சரிபார்ப்பது நம் பொறுப்பு.

நம்மவர்களுக்கு உண்மையான தலைவலி இனிஷியல். இங்கே ‘கே. செந்தில்’ என்று இருப்பவர் பாஸ்போர்ட்டில் ‘செந்தில் குமரன்’ என்று விரிந்திருப்பார். ஜெர்மன் கணக்கும் அந்தப் பெயரில்தான் திறந்திருக்கும். அப்பா பெயர் Last name கட்டத்தில் போகிறதா, முதல் பெயரோடு சேர்கிறதா என்பதை ஊகிக்காமல், அவருடைய வங்கி ஸ்டேட்மெண்டில் இருக்கிறபடியே அடிக்க வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் பணம் நடுவில் நிற்கலாம், விளக்கம் கேட்கலாம், திரும்பியும் வரலாம். திரும்பி வரும்போது வங்கி யூரோவை நம்மிடமிருந்து வாங்குகிறது. அப்போது பொருந்துவது முதலில் ஒதுக்கிய TT Buy விலை. போன கமிஷன் பெரும்பாலும் திரும்பாது.