சீன மொழி ரவுட்டர் வாங்குனவங்க அடியில இருக்குற வாரன்டி ஸ்டிக்கர கொஞ்சம் தூக்கிப் பாருங்க

ஹட்டன் பக்கம் செகண்ட் ஹேண்ட் 4ஜி ரவுட்டர் வாங்குனவங்களும் வாங்கப் போறவங்களும் கொஞ்சம் பொறுமையா வாசிங்க, நீளமா தான் போகும். கடை பேர் சொல்ல மாட்டேன், அதக் கேட்டு யாரும் இன்பாக்ஸ் வராதீங்க.

எங்க தோட்டத்துக்கு ஃபைபர் லைன் இல்ல, சிம் போடுற ரவுட்டர் தான் கதி. டவுன்ல ஒரு போன் கடையில 9,000 ரூவா குடுத்து ஒன்னு வாங்குனேன். வைஃபை பாஸ்வேர்ட் 12345678னு கடைக்காரரே போட்டு குடுத்தாரு, நானும் சரின்னு வந்துட்டேன். எங்க லயத்துல எட்டு காம்பரா, அந்த பாஸ்வேர்ட கண்டுபிடிக்க பெரிய மூளையெல்லாம் வேணுமா, மாசம் பாதி தாண்டுறதுக்குள்ள டேட்டா காலி, மகளுக்கு ஆன்லைன் கிளாஸ் இல்ல. சரி பாஸ்வேர்ட மாத்துவோம்னு போன்ல செட்டிங் பேஜ தொறந்தா தலையிலிருந்து கால் வரைக்கும் சீன எழுத்து. இங்கிலிஷ் மாத்துற பட்டன் எங்கயுமே இல்ல, சீனாவுல விக்கிறதுக்குன்னு செஞ்ச பல மாடல்ல அது இல்லாமயே வரும்னு பிறகு தான் தெரிஞ்சிச்சு.

நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். பூட்டு படம் போட்ட ஒரு எடத்துல பழைய பாஸ்வேர்ட் ஒரு தடவ, புதுசு ரெண்டு தடவ கேட்டுச்சு, இதுதான்னு நெனச்சு பழசுக்கு கடைக்காரர் சொன்ன admin அடிச்சு புதுச போட்டு அமுக்கிட்டேன். வைஃபை கட் ஆகவே இல்ல, பழைய பாஸ்வேர்ட்லயே ஓடுது. ஆனா அடுத்த நாள் பேஜுக்குள்ள போக ஏலாது, அவசரத்துல ரெண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பா அடிச்சிருக்கேன் போல. நான் மாத்துனது வைஃபை பாஸ்வேர்ட் இல்ல, பேஜுக்குள்ள போற பாஸ்வேர்ட். இந்த ரெண்டும் வேற வேறன்னே அன்னைக்கு எனக்கு தெரியாது.

கடைக்கு கொண்டு போனேன். திருப்பித் திருப்பி பாத்துட்டு "அண்ணே, சொப்ட்வெயார் போயிருச்சு, ஃபிளாஷ் அடிக்கணும், 3,500 ஆகும், ரெண்டு நாள் வச்சிட்டு போங்க"ன்னாரு. போனேன், ரெண்டு நாள் கழிச்சு ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு திரும்ப பஸ் ஏறி வந்தேன், வாங்கிட்டு போயி போட்டா மறுபடி அதே 12345678! போன் பண்ணி கேட்டா பாஸ்வேர்ட் மாத்துறதுக்கு வேற 1,000 ரூவாயாம். அதையும் குடுத்தேன்னு சொல்ல வெக்கமா இருக்கு.

கோயில் திருவிழாவுக்கு பெரியம்மா மகன் வந்தான், வெள்ளவத்தையில போன் ரிப்பேர் வேல பாக்குறவன். அதுக்குள்ள மக அவ கூட்டாளிக்கு பாஸ்வேர்ட சொல்லி மறுபடி டேட்டா பிரச்சன. அவன் ரவுட்டர கவுத்து பாத்தான். அடியில கடையோட வாரன்டி ஸ்டிக்கர், கிழிச்சா வாரன்டி இல்லன்னு செவப்புல எழுதியிருக்கு. "அண்ணே, இதுக்கு அடியில இன்னொன்னு இருக்கே"ன்னு சொல்லி ஒரு போத்தல்ல வெந்நி ஊத்தி அது மேல வச்சு சூடாக்கி மெதுவா உரிச்சான். அடியில கம்பெனி லேபிள் பளபளன்னு, செட்டிங் பேஜ தொறக்குற அட்ரஸ் 192.168.0.1, அதுக்குள்ள போற admin, அந்த மெஷினோட சொந்த வைஃபை பேரு, பாஸ்வேர்ட் எல்லாம் அதுல. பெட்டியோட எல்லா சாவியும் அதுல தான் இருக்கு, அது மேல தான் அவரு வாரன்டி ஒட்டியிருக்காரு.

கடைக்காரர் ஃபிளாஷ் அடிக்கிறதுன்னு சொன்னது என்னன்னும் அன்னைக்கு பாத்தேன். கரண்ட் ஓடிட்டு இருக்கும்போதே பின்னாடி இருக்குற ஊசி ஓட்டையில ஒரு குண்டூசிய குத்தி பத்து செகண்ட் போல புடிச்சான், லைட்டெல்லாம் அணைஞ்சு திரும்ப வந்துச்சு, அவ்வளவு தான். 3,500 ரூவாயும் ரெண்டு நாளும் இதுக்கு தான்.

ஆனா இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. இப்பிடி ரீசெட் பண்ணா எல்லாமே அழிஞ்சு லேபிள்ல இருக்குற பாஸ்வேர்டுக்கே திரும்பிரும், வைஃபை கனெக்ட் ஆகும், ஆனா இன்டர்நெட் வராம போகலாம். எங்களுக்கும் வரல. சிம் கம்பெனி ஹாட்லைனுக்கு அடிச்சு, சிம்ல நெட் வர்றதுக்கு ரவுட்டர்ல போட வேண்டிய APN பேர கேட்டு, பேஜுல APNன்னு இங்கிலிஷ்லயே இருக்குற எடத்துல அத போட்ட பிறகு தான் வந்துச்சு. அதனால பேஜுக்குள்ள போக முடியுதுன்னா ரீசெட் பக்கமே போகாதீங்க, ரீசெட் பண்ணியே ஆகணும்னா அதுக்கு முன்னாடி அந்த APN எடத்த ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சிக்கோங்க.

சீன எழுத்த வாசிக்கத் தேவையே இல்லன்னு காட்டிக் குடுத்ததும் அவன் தான். பேஜ் முழுக்க சீனமா இருந்தாலும் SSID, WPA2-PSK, 2.4G, APN இதெல்லாம் பெரும்பாலும் இங்கிலிஷ் எழுத்துல தான் இருக்கும். ஒவ்வொரு மெனுவா தொறந்து உங்க வைஃபை பேரு எங்க எழுதியிருக்குன்னு மட்டும் தேடுங்க. அதுக்கு கீழ WPA2-PSK, அதுக்கு கிட்டயே ஒரு பெட்டியில இப்ப இருக்குற பாஸ்வேர்ட், இல்லாட்டி புள்ளி புள்ளியா இருக்கும். அதுதான் எடம். எட்டு எழுத்துக்கு கொறஞ்சா எடுக்காது. பழைய பாஸ்வேர்ட கேட்டு புதுச ரெண்டு தடவ கேக்குற எடம்னா அது பெரும்பாலும் நான் மாட்டுன எடம், வெளிய வந்துருங்க.

அமுக்குறதுக்கு முன்னாடி மூனு சொல்ல மட்டும் கண்ணுல பதிச்சிக்கோங்க. 保存னு இருந்தா சேவ், 确定னு இருந்தா ஓகே, ரெண்டையும் அமுக்கலாம். 恢复出厂设置ன்னு நீளமா ஆறு எழுத்து இருந்தா அது எல்லாத்தையும் அழிக்கிற ரீசெட், கை வைக்காதீங்க. சேவ் ஆன ஒடனே உங்க போனே வைஃபைல இருந்து கழண்டுரும். பயப்படாதீங்க, சரியான எடத்துல மாத்துனதுக்கு அடையாளமே அதுதான், போன்ல பழைய நெட்வொர்க்க அழிச்சிட்டு புது பாஸ்வேர்ட அடிச்சா சேரும். கழண்டுக்கலன்னா பெரும்பாலும் வேற எதையோ மாத்தியிருக்கீங்க.

இன்னொன்னு, சந்தேகமா இருக்குற பேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிறகு கூகுள் டிரான்ஸ்லேட்ல போடலாம், ஆனா அதுக்கு சாதாரணமா இன்டர்நெட் வேணும். ரவுட்டர்ல நெட் வரலன்னா போன் தன்னால மொபைல் டேட்டாவுக்கு தாவி, பேஜே தொறக்காம நிக்கும். உள்ள போறப்ப டேட்டாவ ஆஃப் பண்ணுங்க, படத்த மொழிபெயர்க்குறப்ப ஆன் பண்ணுங்க, இல்ல வீட்டுல இன்னொரு போன் இருந்தா அதால ஸ்கிரீன படம் புடிச்சு பாருங்க.

மொத்தமா 4,500 ரூவா, ரெண்டு நாள் சம்பளம் போனது, நாலு தடவ பஸ். போன கிழமை டவுனுக்கு போனப்ப கடைக்காரர்கிட்ட கேட்டேன், குண்டூசி குத்துனதுக்கா 3,500னு. அவரு ரவுட்டர வாங்கி கவுத்து பாத்துட்டு சொன்னாரு, "அண்ணே, ஸ்டிக்கர உரிச்சிட்டீங்களே, இனி எங்க வாரன்டி இல்ல."