கயிறு அளக்கும் என்கோடர்: நின்றபோதும் ஓடிய மீட்டர்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் வலையும் விற்கிற ஒரு கடைக்கு நான் மின்னணு வேலைகள் செய்து கொடுக்கிறேன். அங்கே பெரிய உருளையிலிருந்து பிளாஸ்டிக் கயிறை இழுத்து, கேட்ட நீளத்துக்குச் சுருளாகச் சுற்றித் தரும் மிஷின் ஒன்று இருக்கிறது. கயிறு ஒரு அளவைச் சக்கரத்தின் மேல் ஓடும். சக்கரத்தின் அச்சில், சுழற்சியை மின் பல்ஸாக மாற்றி ஒரு சுற்றுக்கு 600 பல்ஸ் தரும் ஆப்டிகல் என்கோடர். அதைப் படிக்க நான் எழுதிக் கொடுத்த ஸ்டேட் மெஷின், சில மழைக்காலங்களைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. இதேபோல ஒரு கவுண்டர் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் இருந்தது வெளியே வாங்கிய ஒரு ரெடிமேட் கவுண்டர். என்கோடர் அதே என்கோடர்தான். கடைக்காரர் அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொன்ன புகார் இது: "தம்பி, மிஷின் நிக்கும்போதே மீட்டர் ஓடுது பாரு." சில நாள் அளவு கூடுதலாகக் காட்டும், வாடிக்கையாளருக்குக் கயிறு குறையும். சில நாள் குறைவாகக் காட்டும், கடைக்கு நஷ்டம். சக்கரம் வழுக்கினால் பிழை எப்போதும் ஒரே பக்கமாக, குறைவாகக் காட்டுகிற பக்கமாகத்தான் போகும். இங்கே இரண்டு பக்கமும் போனதால், சந்தேகம் எண்ணும் முறையின் மேல் வந்தது.

என்கோடரிலிருந்து ஏ, பி என்று இரண்டு சிக்னல் வருகிறது. இரண்டும் சதுர அலைதான், ஆனால் ஒன்றுக்கொன்று கால் அலை, அதாவது அலைக் கணக்கில் 90 டிகிரி தள்ளி வரும். முன்னோக்கிச் சுற்றும்போது ஏ முதலில் ஏறும், பின்னோக்கிச் சுற்றும்போது பி முதலில் ஏறும். ஏ, பி என்ற வரிசையில் எழுதினால் முன்னோக்கிய ஓட்டம் 00, 10, 11, 01, மறுபடி 00. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு பிட் மட்டும்தான் மாறுகிறது. இதைக் கடைசி வரை நினைவில் வையுங்கள், எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

சில ரெடிமேட் கவுண்டர்களிலும் இணையத்தில் கிடைக்கும் பல எளிய நிரல்களிலும் இருப்பது இந்த வழி: ஏ ஏறும்போது பி-யைப் பார், 0 என்றால் ஒன்று கூட்டு, 1 என்றால் ஒன்று கழி. சக்கரம் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்கும் வரை இதில் குறை எதுவும் தெரியாது. நின்றால்தான் வினை.

இந்த மிஷினில் மோட்டார் நிற்பதில்லை. கிளட்ச் விட்டால் சுற்றும் உருளை மட்டும் நிற்கும், 1440 ஆர்பிஎம் மோட்டார் அதே சட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அதிர்வில் அளவைச் சக்கரம் மயிரிழை அளவு முன்னும் பின்னும் நடுங்கும். சக்கரம் நின்ற இடம் தற்செயலாக ஏ மாறுகிற விளிம்பாக இருந்தால், ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஏ ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கும். பி அப்படியே 0-வில் நிற்கும். கவுண்டர் ஏறுவதை மட்டும் எண்ணுகிறது, இறங்குவதைப் பார்ப்பதே இல்லை. அதனால் ஒவ்வொரு நடுக்கமும் கூட்டல்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1440 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 24 அதிர்வு. சக்கரத்தின் சுற்றளவு 300 மில்லிமீட்டர், அதை 600-ஆல் வகுத்தால் ஒரு எண்ணிக்கைக்கு அரை மில்லிமீட்டர். நொடிக்கு 12 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 72 சென்டிமீட்டர் கயிறு ஓடாமலே மீட்டரில் ஏறிவிடும். ஆள் ஐந்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்தால் 3.6 மீட்டர் போச்சு. பி 1-ஆக இருக்கும் விளிம்பில் நின்றிருந்தால் இதே அளவு குறையும். பி மாறுகிற விளிம்பிலோ, இரண்டு விளிம்புக்கும் நடுவிலோ நின்றால் ஒன்றும் ஆகாது. அண்ணன் சொன்ன "சில நாள் கூட, சில நாள் குறைய, சில நாள் சரி" என்பதற்கு இதுவே முழு விளக்கம்.

ஸ்டேட் மெஷின் ஏ-யை மட்டும் நம்பி எண்ணுவதில்லை. பழைய நிலையையும் புதிய நிலையையும் சேர்த்துப் பார்க்கிறது. நான்கு நிலைக்கு நான்கு நிலை, ஆக 16 சாத்தியம். அதில் நான்கு மாற்றம் +1, நான்கு −1, நான்கில் அசைவே இல்லை. மீதி நான்கில் இரண்டு பிட்டும் ஒரே சமயத்தில் மாறியிருக்கும். ஒழுங்கான ஓட்டத்தில் அது நடக்கவே முடியாது. இப்போது அதே நடுக்கத்தை இதில் போட்டுப் பாருங்கள்: 00-லிருந்து 10-க்குப் போனால் +1, திரும்ப 00-க்கு வந்தால் −1. நாள் முழுக்க நடுங்கினாலும் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் தள்ளாது. கூடவே நான்கு விளிம்பையும் எண்ணுவதால் ஒரு சுற்றுக்கு 2400 எண்ணிக்கை, ஒன்றுக்கு 0.125 மில்லிமீட்டர் என்று நுணுக்கமும் கூடுகிறது. கயிறுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. நடுக்கம் தன்னைத்தானே கழித்துக்கொள்கிறதே, அதற்காகத்தான் இந்த வழிக்கு வந்தேன்.

கடையில் ஓடுவது அர்டுயினோ ஊனோ. ஏ-யை 3-ஆம் பின்னிலும் பி-யை 2-ஆம் பின்னிலும் கொடுத்திருக்கிறேன். டைமர் நொடிக்கு 20,000 தடவை இதை ஓட்டுகிறது:

```c
const int8_t T[16] = { 0,-1, 1, 0,
                       1, 0, 0,-1,
                      -1, 0, 0, 1,
                       0, 1,-1, 0};
volatile int32_t count;
volatile uint16_t errs;
uint8_t old;

ISR(TIMER2_COMPA_vect) {
  uint8_t now = (PIND >> 2) & 3;
  if ((old ^ now) == 3) errs++;
  count += T[(old << 2) | now];
  old = now;
}
```

இரண்டு பின்னின் நிலையையும் ஒன்றாகத் தரும் `PIND`-ஐ ஒரே தடவை படிப்பது முக்கியம். இரண்டு பின்னையும் தனித்தனியாக `digitalRead` செய்தால், இரண்டு வாசிப்புக்கும் நடுவில் சிக்னல் மாறி, இல்லாத நிலை ஒன்று தோன்றலாம். டைமரை ஓட விடும் முன் `old`-இல் அப்போதைய நிலையைப் போட்டுவிட வேண்டும். `count` நான்கு பைட், இந்தச் சிப் ஒரு நேரத்தில் ஒரு பைட்தான் எடுக்கும். அதனால் டிஸ்ப்ளேவுக்கு எடுக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் எப்போதாவது எண் திடீரென்று துள்ளும், காரணம் கண்டுபிடிக்கப் பெரும்பாடு.

வயரிங் பற்றி ஒன்று. இந்த என்கோடரின் வெளியீடு ஓப்பன் கலெக்டர், லைனைக் கீழே மட்டும்தான் இழுக்கும், மேலே இழுக்க அதற்குப் புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும். சிப்புக்குள் இருக்கும் புல்-அப் பலவீனமானது, நீளமான கேபிளுக்குப் போதாது. இரண்டு லைனுக்கும் 2.2 கிலோஓம் வெளியில் போட்டேன். சிலர் 'டிபவுன்ஸ்' என்று 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் போடச் சொல்வார்கள். கையால் திருகும் குமிழுக்கு அது சரி. இங்கே இந்த 2.2 கிலோஓம் புல்-அப்புடன் அதைப் போட்டால் சிக்னல் ஏறவே சுமார் 200 மைக்ரோநொடி ஆகும். கயிறு நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும்போது நிலைகள் 125 மைக்ரோநொடிக்கு ஒன்றாக மாறுகின்றன. சிக்னலே கரைந்துவிடும்.

இத்தனை காலத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது, இரண்டு பிட்டும் ஒரே சமயத்தில் மாறிய பிழைகளை எண்ணும் `errs` என்ற அந்தச் சின்ன எண். அதை டிஸ்ப்ளேயின் மூலையில் எப்போதும் தெரிய வைத்திருக்கிறேன். கான்டாக்டர் போடும்போது மட்டும் அது ஏறினால் மின் இரைச்சல். இரைச்சல் ஒரு லைனை மட்டும் தொட்டால் +1, −1 என்று தானே கழிந்துவிடும். இரண்டையும் தொட்டால் 00-லிருந்து 11, பிறகு மறுபடி 00 என்று பிழை ஜோடியாக ஏறும், அளவு மாறாது. வேகம் கூடும்போது ஏறினால் அது ஆபத்து, அப்போது நிலைகளையே தவற விடுகிறோம். ஒரு பிழைக்கு இரண்டு எண்ணிக்கை போகும், அது எந்தத் திசையில் என்றும் தெரியாது.

ஆனால் `errs` பூஜ்யமாக இருந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு வாசிப்புக்கு நடுவில் மூன்று நிலை தாண்டினால் அது பின்னோக்கி ஒரு படி போலவே தெரியும், நான்கு தாண்டினால் அசைவே இல்லாதது போலத் தெரியும். இரண்டிலும் பிழை ஏறாது.

இன்னொன்றை ஒரு ஐப்பசி மழையில் பார்த்தோம். சக்கரம் சுற்றுகிறது, எண் மட்டும் முன்னும் பின்னுமாக ஒரே இடத்தில் ஆடுகிறது, பிழை பூஜ்யம். உப்புக் காற்றில் கனெக்டரின் பின் ஒன்று பச்சை பிடித்து பி லைன் அறுந்திருந்தது. புல்-அப் அதை 1-லேயே பிடித்து வைத்ததால், 01, 11, 01, 11 என்று ஒன்று கூட்டி ஒன்று கழித்துக்கொண்டிருந்தது. பழைய கவுண்டராக இருந்திருந்தால் எந்தப் பக்கம் சுற்றினாலும் கழித்துக்கொண்டே போயிருக்கும். பி லைன் கிரவுண்டோடு ஒட்டியிருந்தால் இன்னும் மோசம், எல்லாம் சரி போலக் கூட்டிக்கொண்டே போயிருக்கும். கோளாறு வந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்பது இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த குணம். அந்த கனெக்டரை எடுத்துவிட்டு, வயரைச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினேன்.

அளவில் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியதைக் கடைப் பையனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கையால் பத்து சுற்று சுற்றி அதே கோட்டில் நிறுத்தினால் 24,000 வர வேண்டும். திருப்பிச் சுற்றினால் பூஜ்யத்துக்கு வர வேண்டும். கோட்டைக் கண்ணால் பார்த்து நிறுத்துவதால் கொஞ்சம் முன்பின் இருக்கும், அது பரவாயில்லை. இது சரியாக வந்து கயிறின் நீளம் மட்டும் தப்பினால், குறை சக்கரத்தில்: தேய்மானம், வழுக்கல், அல்லது கயிறு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுவது. 8 மில்லிமீட்டர் கயிறு சக்கரத்தை வளைத்துக்கொண்டு போனால், அதன் நடுக்கோடு ஒரு சுற்றுக்கு 300-க்குப் பதில் சுமார் 325 மில்லிமீட்டர் ஓடுகிறது. மீட்டர் அவ்வளவுக்குக் குறைவாகக் காட்டும். அதனால் கயிறு நேராக வந்து சக்கரத்தைத் தொட்டுவிட்டுப் போகும்படி மேலே ஒரு அழுத்து உருளை வைத்தோம். இதையெல்லாம் நிரலில் திருத்தப் பார்க்காதீர்கள்.

வேகம்தான் இதன் எல்லை. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இழுத்தால் 24,000 நிலை மாறும், 20,000 வாசிப்பு போதாது. அதற்கு எஸ்டிஎம்32 சிப்பில் இருக்கும் என்கோடர் மோடு சரி, வன்பொருளே எண்ணிவிடும். ஆனால் மலிவாகக் கிடைக்கும் ப்ளூ பில் போர்டில் அந்த கவுண்டர் 16 பிட், 65,536-இல் சுற்றிவிடும். இந்தச் சக்கரத்துக்கு அது 8.192 மீட்டர்தான், மேலே உள்ளதை நிரலில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். பிழை எண்ணும் வசதியும் அதில் கிடையாது. அண்ணனிடம் இரண்டையும் விளக்கினேன். கயிறு வேகமாக ஓடினால் சுருள் சிக்கிக்கொள்கிறது, நொடிக்கு ஒரு மீட்டரே போதும் என்றார். ஊனோவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.